மாஸ்க்கைக் கழற்றிக் காட்டச் சொல்லாதீர்கள்

சிசிடிவி படங்களைத் தெளிவாக்கித் தரும் என்னிடம், இந்த மாதத்தில் இப்படி வந்த நான்காவது ஆள் இவர். கடைக்காரர் மொபைலை நீட்டினார். கல்லாவில் கைவைத்தவனின் முகம், மாஸ்க் இல்லாமல், பளிச்சென்று. மழித்த வாய், லேசான சிரிப்பு. மச்சான் ஏதோ ஏஐ ஆப்பில் போட்டு எடுத்துக் கொடுத்தாராம். தெரு வாட்ஸ்அப் குழுவில் போட்டாயிற்று. "நம்ம டெலிவரிப் பையன் மாதிரியே இருக்கான்ல" என்று இரண்டு பேர் சொல்லியும் ஆயிற்று.

ஐயா, மாஸ்க்குக்குப் பின்னாலிருந்த வாய் அந்தக் கேமராவுக்குத் தெரியவே இல்லை. ஃபைலுக்குள் அது எங்கேயும் ஒளிந்திருக்கவில்லை. ஆப் துணியை விலக்கவில்லை, துணிமேல் வேறொரு வாயை வரைந்திருக்கிறது. நம்பாதவர்கள் நான் செய்ததைச் செய்து பாருங்கள். கடைக்காரருக்கே மாஸ்க் மாட்டிப் படமெடுத்து, அதே ஆப்பில் மூன்று முறை ஓட்டினேன். மூன்று விதமான வாய் வந்தது. ஒன்றில்கூட அவருடைய அடர்ந்த மீசை இல்லை, தாடை மரு இல்லை. இம்மாதிரி மென்பொருள்கள் பலவற்றைப் பழக்கிய FFHQ தொகுப்பில் இருப்பவை ஃபிளிக்கர் என்ற படத்தளத்திலிருந்து எடுத்த 70,000 முகங்கள். கேமராவைப் பார்த்துச் சிரித்தவர்கள் அதில் ஏராளம். உங்கள் திருடனும் சிரிப்பதில் வியப்பில்லை.

இன்னொன்று யாருக்கும் தோன்றுவதில்லை. பல ஆப்கள் வாயோடு நிறுத்தாமல் முழு முகத்தையும் புதிதாக வரைகின்றன. உண்மையிலேயே பதிவான கண்ணும் புருவமும்கூட அதில் மாறிப்போகும்.

நாங்கள் தெளிவாக்குவது துணிக்கு மேலே தெரிவதை மட்டும்தான். இந்தத் திருடன் கல்லாவின் முன் சுமார் ஒரு நொடி அசையாமல் நின்றான். அதிலிருந்து 16 பிரேம்களை ஒன்றின்மேல் ஒன்று பொருத்திச் சராசரி எடுத்தேன். கணக்குப்படி படத்தின் புள்ளி இரைச்சல் கால்பங்காகக் குறைய வேண்டும், கேமராப் பதிவைச் சேமிக்கும் டிவிஆர் பெட்டி சுருக்கிப் பதிவதால் அவ்வளவு குறையாது. வலது புருவத்தில் ஒரு வெட்டு தெரிந்தது. உடனே குதிக்கவில்லை. அசையாத இடத்தில் டிவிஆர் முந்தைய பிரேமின் பிசிறையே காப்பியடித்துக்கொண்டு வரும். அவன் தலை திருப்பிய வேறொரு இடத்திலும் பார்த்தேன், வெட்டு இருந்தது. அறிக்கையில் அதை எழுதினேன். காது மடலையும் எழுதினேன். வாய், மூக்கு நுனி, தாடை: "தெரியவில்லை".

மாஸ்க்கும் தடயம்தான். இடது பக்க நாடா அறுந்து முடிச்சுப் போட்டிருந்தது. ஆப் முதலில் அழித்தது அதைத்தான்!

திரையை மொபைலில் படமெடுத்துக் கொண்டுவராதீர்கள். டிவிஆர் பழையதன்மேல் புதியதைப் பதிந்துவிடும், அதற்குள் மூல ஃபைலை எடுத்துவிடுங்கள். பாரதிய சாட்சிய சட்டம் 63-ஆம் பிரிவுச் சான்றிதழில் ஃபைல் மாறவில்லை என்று காட்டும் அதன் ஹாஷ் எண்ணையும் எழுத வேண்டும். ஆப்பில் போட்ட படத்தைக் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகவே வேண்டாம்.

குழுவில் போட்டதை இன்றைக்கே எடுத்துவிடுங்கள், தயவுசெய்து. அந்தப் பையன் நாளைக்கும் அதே தெருவுக்குத்தான் பார்சல் கொண்டுவர வேண்டும்.