ஒரு 'தானே' மாற்றிய பதில்

மட்டக்களப்பின் படுவான்கரையில் குடிநீர் பற்றிய வீட்டுக் கணிப்பீடு ஒன்றை மேற்பார்வை செய்யப் போயிருந்தேன். வெல்லாவெளிப் பக்கம் ஒரு வீட்டு முற்றம். தகவல் சேகரிக்க வந்த தம்பி வினாக்கொத்தைப் பார்த்துக் கேட்டார்: "நோய் வராம இருக்க, தண்ணியக் கொதிக்க வைச்சுத்தானே அம்மா குடிக்கிறீங்க?"

"ஓம் மனே."

'ஆம்' என்ற கட்டத்தில் புள்ளடி விழுந்தது. எனக்குப் பக்கத்தில் மூடிய மண்பானை ஒன்று இருந்தது. "இந்தத் தண்ணி எப்ப எடுத்தது அம்மா? எடுத்து என்ன செய்தீங்க?" என்று கேட்டேன்.

"காலையில கிணத்துல அள்ளினது புள்ள. அப்படியே ஊத்தி வைச்சன். மழைக்காலத்திலதான் கொதிக்க வைப்பம்."

அந்த அம்மா பொய் சொல்லவில்லை. மழைக்காலத்தில் கொதிக்க வைப்பவர்தான். கேள்விதான் அவருக்கு வேறு பதிலுக்கு இடம் விடவில்லை. 'நோய் வராமல் இருக்க' என்று அச்சடித்த நாங்கள், 'இல்லை' என்பதைக் கவலையீனமாக்கிவிட்டோம். அதன்மேல் தம்பி வாய்வழக்கில் சேர்த்த 'தானே' பதிலையும் சேர்த்தே கொடுத்துவிட்டது. வீடு தேடி வந்த பிள்ளையை மறுத்துப் பேச எங்கள் ஊரில் யாருக்கு மனம் வரும்?

இப்படித் தள்ளிவிடும் சொற்களைக் கண்டுபிடிப்பது சுலபம். நியாயமாகத் தெரியும் சொல்லும் பதிலை இழுக்கும் என்பதுதான் கஷ்டம். அமெரிக்காவில் டொனால்ட் ரக் என்ற ஆய்வாளர் 1941 இல் வெளியிட்ட சோதனையில், ஜனநாயகத்துக்கு எதிரான பேச்சுகளை 'அனுமதிக்க வேண்டுமா' என்று ஒரு தரப்பிடமும், 'தடைசெய்ய வேண்டுமா' என்று இன்னொரு தரப்பிடமும் கேட்டார்கள். அனுமதிக்கக் கூடாது என்றவர்கள் 62 வீதம். தடைசெய்ய வேண்டும் என்றவர்கள் 46 வீதம்தான். நடைமுறையில் இரண்டும் ஒன்று. ஆனால் 'தடை' என்ற சொல் கடுமையாகக் கேட்கிறது, அதற்குத் தலையாட்ட ஆட்கள் தயங்குகிறார்கள்.

தமிழில் எதிர்மறைக் கேள்வியும் ஒரு சிக்கல். "நீங்க கொதிக்க வைக்கிறதில்லையா?" என்றால் வரும் 'ஓம்' எதற்கு? ஓம், வைப்பதில்லை என்றா, ஓம், வைக்கிறோம் என்றா? படிவத்தில் இரண்டும் ஒரே புள்ளடி.

சரி, எங்கள் கேள்வியை இப்படி மாற்றினோம்: "சில வீடுகளில் தண்ணீரைக் கொதிக்க வைப்பார்கள், சில வீடுகளில் அப்படியே குடிப்பார்கள். நேற்று உங்கள் வீட்டில் எப்படிக் குடித்தீர்கள்?" இரண்டு பதிலுக்கும் மரியாதை இருக்கிறது; 'வழக்கமாக' என்ற நல்ல நினைப்புக்குப் பதிலாக ஒரு நாள் இருக்கிறது. மழைக்காலத்துக்குத் தனிக் கேள்வி.

பிறகு முன்சோதனையில் ஒரு வீட்டில் பழைய கேள்வி, அடுத்த வீட்டில் புதியது என்று மாற்றி மாற்றிக் கேட்கச் சொன்னேன். இரு பக்கமும் பதில்கள் பெரிதாக விலகினால் சொல் இழுக்கிறது என்று அர்த்தம். ஆனால் சில வீடுகள் மட்டும் என்றால் வித்தியாசம் தற்செயலாகவும் வரலாம். அப்புறம், எந்தப் பதில் உண்மைக்குக் கிட்ட என்பதையும் இந்த முறை சொல்லாது. அதனால் படிவத்தின் கடைசியில், குடிக்க வைத்திருக்கும் தண்ணீரைக் காட்டச் சொல்லி, அது எப்போது, எப்படி நிரப்பியது என்று கேட்டுப் பதியும் வரி ஒன்றையும் சேர்த்தோம்.