‘கேன்’ எங்கே சுருங்கும், எங்கே சுருங்காது?

“ஐ கேன் கம் டுமாரோ” என்று நாம் ‘கேன்’ஐ முழுசாக, அழுத்தமாகச் சொன்னால், அமெரிக்கர் ஒருவர் அதை “வர முடியாது” என்று புரிந்துகொள்ள வாய்ப்பு உண்டு. அமெரிக்கப் பேச்சில் ‘கேன்ட்’டின் கடைசி ‘ட்’ பெரும்பாலும் தெளிவாக வெடித்து வராது. அதனால் கேட்பவரின் காது ‘ட்’டைத் தேடுவதில்லை, உயிரொலியைத்தான் பிடித்துக்கொள்கிறது. முடியும் என்றால் “ஐ க்ன் கம்”: ‘கேன்’ சுருங்கி, அழுத்தம் ‘கம்’மின் மேல் விழும். முடியாது என்றால் ‘கேன்ட்’ முழு உயிரொலியோடு வரும். எதிர்மறை வடிவம் இப்படிச் சுருங்குவதே இல்லை.

ஆங்கிலத்தில் இப்படி இரட்டை உச்சரிப்புள்ள சொற்கள் ஏறக்குறைய 40 இருக்கின்றன. கேன், ஃபார், டு, அண்ட், ஹேஸ், தேன் போன்ற இலக்கணச் சொற்கள் அவை. இவை பெரும்பாலும் மெலிந்தே ஒலிக்கும். அப்போது பலவற்றின் உயிரொலி ‘ஷ்வா’ ஆகிவிடும். நாக்கு வாயின் நடுவில் ஓய்வாக இருக்க, உதடு குவியாமல், நொடியில் வந்து போகும் ஒலி அது. ‘காசு’ என்பதைப் பேச்சில் சொல்லும்போது கடைசியில் வரும் குற்றியலுகரம் அதே ஒலி இல்லைதான். ஆனாலும் உதடு குவியாத அந்தச் சுருக்கம் நமக்குப் பழக்கமானதே.

முழு வடிவம் எப்போது வரும்? வலியுறுத்தும்போதும் எதிர்நிறுத்தும்போதும் என்பது எளிதில் புரியும்: “ஐ கேன் ஸ்விம், பட் ஐ வோன்ட்.” இன்னொரு இடம்தான் பலரைத் தடுமாற வைக்கிறது. “கேன் யூ ஸ்விம்?” என்ற கேள்விக்கு “யெஸ், ஐ கேன்” என்று முழுசாகத்தான் சொல்ல வேண்டும். “யெஸ், ஐ க்ன்” என்று ஆங்கிலேயர் யாரும் சொல்வதில்லை.

வாக்கியத்தின் கடைசியில் வருவதால்தான் என்று பாடநூல்கள் சுருக்கமாகச் சொல்லிவிடும். அது பாதி உண்மை. “ஐ நோ வேர் ஹீ இஸ் நவ்” என்பதில் ‘இஸ்’ கடைசியில் இல்லை. ஆனாலும் அதை “ஹீஸ் நவ்” என்று சுருக்க முடியாது. மாறாக “ஐ சா ஹிம்” என்பதில் ‘ஹிம்’ கடைசியில்தான் இருக்கிறது, அது தாராளமாக ‘இம்’ என்று மெலியும்.

சொல்லுக்குப் பின்னால் வரவேண்டியது வந்திருக்கிறதா என்பதே உண்மையான அளவுகோல். “யெஸ், ஐ கேன்” என்பதில் ‘ஸ்விம்’ விடுபட்டிருக்கிறது. ‘இஸ்’ஸுக்குப் பின் நிற்க வேண்டிய இடப்பெயர், ‘வேர்’ ஆகி முன்னே போய்விட்டது. “இட்ஸ் ஃபர் மீனா” என்பதில் ‘ஃபர்’ மெலிகிறது. “ஹூ இஸ் இட் ஃபார்?” என்று கேட்டால் மீனாவின் இடம் காலியாகிவிடுகிறது, ‘ஃபார்’ முழுசாக வருகிறது. ‘ஹிம்’முக்குப் பின்னால் எதுவும் வரவேண்டியதில்லை. எதுவும் விடுபடவும் இல்லை. ஆகவே கடைசியில் நின்றாலும் அது மெலிகிறது.