பாட்டில் வாங்குறதுக்கு முன்னாடி லேபிள எழுதிப் பாருங்க

வீட்ல இருந்தே சமைச்சு விக்க ஆரம்பிக்கிறவங்களுக்கு உணவுப் பாதுகாப்பு ட்ரெயினிங் குடுக்குறதுதான் என் வேலை. வர்றவங்கள்ல பாதிப் பேர் ஏற்கனவே பாட்டில், டப்பா, ஸ்டிக்கர் எல்லாம் வாங்கி அடுக்கி வச்சிட்டுதான் வருவாங்க. போன தடவை ஒரு அக்கா வந்தாங்க, தக்காளி சாஸ் போட்டு விக்கப் போறாங்களாம், கையில 300 பிளாஸ்டிக் பாட்டில். பாக்க கண்ணாடி மாதிரி பளபளன்னு இருந்துச்சு, திருப்பிப் பாத்தா அடியில முக்கோணத்துக்குள்ள 1னு நம்பர். அதாவது பெட் பாட்டில். சாதாரண பெட் 70 டிகிரி வாக்குலயே இளகிடும், சாஸ ஊத்தணும்னா 85 டிகிரிக்கு மேல சூடா ஊத்தணும். ஒண்ணுல ஊத்திக் காட்டுனேன், இடுப்பு ஒட்டிப்போய் சாஞ்சு நின்னுச்சு பாட்டில்.

அதனால நான் சொல்றது ஒண்ணுதான், எதையும் வாங்காதீங்க, முதல்ல ஒரு வெள்ளைப் பேப்பர்ல உங்க லேபிள எழுதுங்க. பேரு, சேர்ந்திருக்க பொருட்கள், எடை, தேதி, பேட்ச் நம்பர், அலர்ஜி எச்சரிக்கை, எப்படி வைக்கணும், உங்க முகவரி, லைசென்ஸ் நம்பர் கேக்குற நாடுன்னா அதுவும். எந்த வரியில பேனா நிக்குதோ அங்கதான் ஏதோ வாங்கணும், இல்ல ஏதோ கேக்கணும்.

அந்த அக்காவோட லேபிளையே எடுத்துக்குவோம். பொருட்கள்னு எழுத ஆரம்பிச்சாங்க, "தக்காளி, வெங்காயம், பூண்டு..."ன்னு போச்சு. பொதுவா இது எடை அதிகமா இருக்கிறதுல இருந்து கம்மியா இருக்கிறது வரைக்கும் வரிசையா வரணும், அப்போ எல்லாத்தையும் கிராம்ல நிறுத்தாகணும். நிறுத்தோம்: தக்காளி 5 கிலோ, வெங்காயம் 600, சர்க்கரை 400, வினிகர் 250, உப்பு 100, பூண்டு 60. மூணாவது எழுதுன பூண்டு கடைசிக்குப் போயிடுச்சு. அப்ப லிஸ்ட்ல முதல் சாமான் ஒரு கிராம் வரைக்கும் காட்டுற டிஜிட்டல் தராசு. நிகர எடைக்கும் அதே தராசுதான், காலி பாட்டில வச்சு ஜீரோ பண்ணிட்டு நிரப்பணும், பாட்டில் எடைய சேத்து எழுதுறது தப்பு.

அலர்ஜி வரியில "எதுவும் இல்ல"ன்னு எழுதிட்டாங்க. வினிகர் பாட்டில எடுத்துட்டு வரச் சொல்லிப் பாத்தேன், மால்ட் வினிகர், பார்லியில இருந்து செய்றது. பார்லி குளுட்டன் உள்ள தானியம், சொல்லியே ஆகணும். இந்த லிஸ்ட் நாட்டுக்கு நாடு கொஞ்சம் மாறும், ஆனா பால், முட்டை, மீன், இறால் நண்டு வகை, வேர்க்கடலை, கொட்டை வகை, குளுட்டன் தானியம் இதெல்லாம் அநேகமா எங்கயும் இருக்கும். அதனால நீங்க வாங்குற ஒவ்வொரு பாக்கெட்டோட லேபிளையும் படிங்க, போட்டோ எடுத்து வச்சுக்குங்க, பிராண்ட் மாத்துனா திரும்பப் படிங்க. (அக்கா சாதா வெள்ளை வினிகருக்கு மாறிட்டாங்க, அந்தப் பிரச்சனை அதோட முடிஞ்சது.)

இப்ப தேதி வரி, இங்கதான் நிறைய பேர் மனசுல தோணுனத எழுதுறாங்க. "பக்கத்து வீட்ல ஆறு மாசம் வச்சிருந்தோம் ஒண்ணும் ஆகல"ங்கிறது கணக்கே இல்ல. மூடுன பாட்டிலுக்குள்ள காத்து இருக்காது, அந்த இடத்துல புளிப்பு பத்தலன்னா பொட்டுலிசம் கிருமி வளந்து விஷம் உண்டாக்கும், வாசனையோ நிறமோ மாறாமலே கூட. புளிப்ப அளக்குற நம்பர்தான் பிஹெச், அது குறையக் குறைய புளிப்பு அதிகம். எல்லைக்கோடு பிஹெச் 4.6, அதுக்குக் கீழ அந்தக் கிருமி வளராது. தக்காளி புளிப்புன்னு நம்ம நினைக்கிறோம், ஆனா நல்லா பழுத்தது 4.6ஐத் தாண்டியும் போகும், கூட வெங்காயம் பூண்டு சேத்தா இன்னும் ஏறும். அக்காவோட முதல் பேட்ச் வினிகர் போட்டும் 4.5 காட்டுச்சு. எல்லைக்கு இவ்ளோ பக்கத்துல நிக்கக்கூடாது, மீட்டர்லயும் பிழை இருக்கும், அடுத்த தக்காளியும் வேற மாதிரி இருக்கும். வினிகர கூட்டி 4.1க்குக் கொண்டுவந்தோம். இதுக்கு பிஹெச் மீட்டர் வேணும், பேப்பர் ஸ்ட்ரிப் சிவப்பு சாஸ்ல சாயம் ஏறி ஏமாத்திடும். மீட்டர ஒவ்வொரு தடவையும் பிஹெச் 4, 7னு முன்னாடியே தெரிஞ்ச பஃபர் கரைசல்ல சரி பண்ணிட்டு, ஆறுன சாஸ்ல பாருங்க. அதுக்கப்புறமும் தேதிய லேப்ல கேட்டுதான் போடணும். எண்ணெய்ல ஊறப்போட்ட பச்சைப் பூண்டு விக்கலாமான்னும் கேட்டாங்க, வேண்டவே வேண்டாம்னுட்டேன், புளிப்பும் இல்ல காத்தும் இல்ல, அந்தக் கிருமிக்கு அதைவிட வசதியான இடம் கிடையாது.

பிஹெச் முடிவானப்புறம்தான் பாட்டில் பேச்சு. சூடா ஊத்துறதுன்னா கண்ணாடி, மூடி புதுசா இருக்கணும், ஏன்னா சீல் பண்ற அந்த உள் வளையம் ஒரு தடவைக்குத்தான். பாட்டிலயும் சூடு பண்ணி வைங்க, இல்லன்னா விரிசல் விடும். ஊத்துனதும் மூடி, தலைகீழா ஒரு 3 நிமிஷம் வச்சா மூடிக்கும் சூடு படும். ஊத்துற சூட்ட கண்ணால பாத்து சொல்ல முடியாது, தெர்மாமீட்டர் வேணும், நொறுக்குன ஐஸும் தண்ணியும் கலந்ததுல 0 காட்டுதான்னு அப்பப்ப பாத்துக்குங்க.

லைசென்ஸ் வரிய அக்கா காலியா விட்டுட்டு மத்தத பிரிண்ட் குடுக்கப் போனாங்க, தடுத்துட்டேன். நம்பர் வர்றதுக்கு முன்னாடி ஆயிரம் ஸ்டிக்கர் அடிச்சு குப்பையில போட்டவங்கள பாத்திருக்கேன். உங்க ஊர் உணவுப் பாதுகாப்பு அலுவலகத்துல மூணு கேள்விய எழுத்துல கேளுங்க: இந்தப் பொருள வீட்டுக் கிச்சன்ல செய்ய அனுமதி உண்டா, நேர்ல மட்டும் விக்கணுமா இல்ல கடைக்கும் ஆன்லைன்லயும் குடுக்கலாமா, தண்ணி டெஸ்ட் இல்ல கிச்சன் சோதனை உண்டா. பிஸ்கட் மாதிரி காஞ்ச பொருளுக்கு சுலபமா குடுக்குற பல இடங்கள்ல பாட்டில்ல அடைச்ச சாஸுக்கு வேற விதி. வாடகை வீடுன்னா ஓனர் சம்மதமும் கேக்கலாம்.

சுத்தத்துக்கு பெரிய சாமான் எதுவும் தேவையில்ல. கழுவ சோப்பு, அப்புறம் வாசனை சேக்காத 5 சதவீத பிளீச், ஒரு லிட்டர் தண்ணிக்கு 2 மில்லி போட்டா குளோரின் 100 பிபிஎம், அதாவது பத்து லட்சத்துல 100 பங்கு வரும், மேசைக்கும் பாத்திரத்துக்கும் அது போதும். ஆனா முதல்ல சோப்பு போட்டு அலசிட்டுதான், அழுக்கு இருந்தா குளோரின் அதுலயே செலவாகிடும். தினமும் புதுசா கலக்குங்க, குளோரின் ஸ்ட்ரிப்ல அளந்து பாருங்க, வினிகரோட மட்டும் சேத்துடாதீங்க, விஷ வாயு வரும், சாஸ் போடுற கிச்சன்ல ரெண்டும் பக்கத்து பக்கத்துலயே இருக்கும். துடைக்கத் துணி வேண்டாம், பேப்பர் டவல், பாத்திரம் தானா காயட்டும். கையுறைய நான் பெருசா சொல்றதில்ல, போட்டுட்டு போனைத் தொட்டா அதுவும் அழுக்குக் கைதான். கைல வெட்டுக்காயத்துக்கு நீல பிளாஸ்டர் வாங்குங்க, கழண்டு விழுந்தா கண்ணுல படும். வாந்தி பேதி வந்தா நின்னு 48 மணிநேரம் ஆகுற வரைக்கும் கிச்சன் பக்கம் வரக்கூடாது, இது வீட்ல உதவி செய்ற எல்லாருக்கும்.

பேட்ச் நம்பருக்கு ஒரு நோட்டு போதும். தேதி, பிஹெச், ஊத்துன சூடு, எத்தனை பாட்டில், யாருக்குப் போச்சு, அதோட ஒவ்வொரு பேட்ச்லயும் ஒரு பாட்டில விக்காம எடுத்து வைங்க. யாராவது புகார் சொன்னா முதல்ல திறக்க வேண்டியது அதத்தான்.

அந்த 300 பெட் பாட்டில்ல கொஞ்சத்துல அக்கா இப்ப கிச்சனுக்கு உப்பும் சர்க்கரையும் போட்டு வச்சிருக்காங்க. மிச்சம் இன்னும் பரண்ல இருக்கு.