‘பணியாளர் கவனக்குறைவு’ என்று ஸ்லைடு போடாதீர்கள்

இந்த வருடத்தில் இது மூன்றாவது. எடைமேடைக் கணினி நின்றுபோய், செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் ஆலை வாசலிலிருந்து தோட்டச் சாலை வரை வரிசை கட்டிவிட்டன. அப்புறம் ஆய்வுக் கூட்டத்துக்கான ஸ்லைடை எனக்கு அனுப்பி "அண்ணே, ஒரு தடவை பாருங்க" என்கிறார்கள். திறந்தால் முதல் பக்கத்திலேயே "காரணம்: பணியாளர் கவனக்குறைவு".

தயவுசெய்து அதை எடுத்துவிடுங்கள்.

நடந்தது இதுதான். டெக்னீஷியன் பேக்கப் கணக்கின் பாஸ்வேர்டை மாற்றினார், ஆனால் பேக்கப் வேலைக்குள் புதியதைப் போட மறந்தார். லாக் பேக்கப் நின்றது. டேட்டாபேஸ் முழு மீட்பு முறையில் இருந்ததால், லாக் பேக்கப் எடுக்காமல் லாக் கோப்பில் இடம் காலியாகாது. 19 நாளில் டிஸ்க் நிரம்பியது.

சரி, மறந்தார்தான். ஆனால் அந்த 19 நாளும் தினமும் வந்த தோல்வி மின்னஞ்சல், வேலையை விட்டுப் போய்விட்ட ஒருவரின் பெட்டிக்குப் போய்க்கொண்டிருந்தது. டிஸ்க் நிரம்புகிறது என்று சொல்ல எந்த எச்சரிக்கையும் இல்லை. அவர் இடத்தில் வேறு யார் இருந்தாலும், என்றோ ஒரு நாள் ஒன்றை மறந்தால், இதே மாதிரிதான் விழுந்திருக்கும். அப்படியானால் ஸ்லைடில் காரணமாக நிற்க வேண்டியது அந்த மனிதரா, யாரும் படிக்காத பெட்டியா? ஆளைப் போட்டால் அடுத்த முறை யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள், உங்கள் நேரவரிசையே பொய்யாகிவிடும்.

நேரவரிசையை லோரி நின்ற காலையில் தொடங்காதீர்கள், பாஸ்வேர்டு மாறிய நாளில் தொடங்குங்கள். பிறகு: 5:52 முதல் சீட்டு பதிவாகவில்லை. 6:30 கிராணி போன் செய்தார். 6:45 சர்வரை ரீஸ்டார்ட் செய்தார்கள், பயனில்லை, மறுபடியும் செய்தார்கள். 7:50க்குத்தான் ஒருவர் 9002 என்ற பிழைச் செய்தியைப் படித்தார், அதிலேயே LOG_BACKUP என்று எழுதியிருந்தது. 8:10 வேறு டிஸ்க்குக்கு லாக் பேக்கப் எடுத்தார்கள், எடைமேடை ஓடியது. கையால் எழுதிய சீட்டுகளை ஏற்றி முடிக்க 10:40.

பலன் தராத ரீஸ்டார்ட்டையும் எழுதுங்கள், மறைக்காதீர்கள். 5:52க்கும் 6:30க்கும் நடுவே 38 நிமிடம் போனது, யாரைக் கூப்பிடுவது என்று கிராணிக்குத் தெரியாததால்தான். ரீஸ்டார்ட்டில் 65 நிமிடம். இவை இரண்டும் ஸ்லைடில் தெரியாவிட்டால் யாரும் சரிசெய்ய மாட்டார்கள். (சில லாக்குகள் யூடிசி நேரத்தில் இருக்கும், மலேசிய நேரத்துக்கு 8 மணி நேரம் கூட்டி எழுதுங்கள். இதில் குழம்பிய ஸ்லைடுகளை நிறையப் பார்த்துவிட்டேன்.)

தீர்வுப் பக்கத்தில் "இனி கவனமாக இருப்போம்" வேண்டாம். தோல்வி அறிவிப்பு இரண்டு பேர் போனுக்குப் போக வேண்டும், டிஸ்க்கில் 20 சதவீதம் மிஞ்சும்போதே எச்சரிக்கை வர வேண்டும், எடைமேடை அறைச் சுவரில் கூப்பிட வேண்டிய எண் ஒட்டியிருக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாளர், தேதி போடுங்கள். தோல்வி அறிவிப்பை அமைத்த பிறகு, சோதனை டேட்டாபேஸில் தவறான பாஸ்வேர்டைக் கொடுத்து ஓடவிடுங்கள். இரண்டு போனும் அடிக்காவிட்டால் அந்த வரியை ‘முடிந்தது’ என்று குறிக்காதீர்கள்.