நர்ச்சர் மெயில்: தமிழில் பேணுமடல்

விலை விசாரித்துவிட்டு, “இப்ப வேண்டாம், அப்புறம் பார்க்கலாம்” என்று போனவருக்கு அவ்வப்போது அனுப்பும் மின்னஞ்சலை விற்பனைத் துறையில் ‘நர்ச்சர் மெயில்’ என்கிறார்கள். அதில் “எப்போது வாங்குவீர்கள்?” என்ற கேள்வி இருக்காது. அவருடைய பிரச்சினைக்கு உதவும் குறிப்பு ஒன்று இருக்கும், அவ்வளவுதான்.

‘நர்ச்சர்’ பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். அதன் வேர், ஊட்டுவது, பாலூட்டுவது என்று பொருள்படும் ‘நூட்ரிரே’ என்ற லத்தீன் வினை. மருத்துவமனை ‘நர்ஸ்’, சத்துணவைக் குறிக்கும் ‘நியூட்ரிஷன்’ இரண்டும் அதே வேரில் பிறந்தவை.

இதைப் பலர் ‘வளர்ப்பு மின்னஞ்சல்’ என்று எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. வளர்ப்பு மகன், வளர்ப்பு நாய் என்று சொல்லும்போது வளர்ப்பவர் கை மேலே இருக்கிறது. விலை கேட்டுப் போனவரை நாம் வளர்க்கவில்லையே! ‘ஓம்புதல்’ நல்ல சொல்தான், ஆனால் இன்று அது விருந்தோம்பலோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. ‘பேணு’ அப்படியல்ல. உடல்நலம் பேணுகிறோம், உறவைப் பேணுகிறோம். அவசரமில்லாமல், விடாமல் கவனிப்பது என்ற பொருள் அதில் தானாக வந்துவிடுகிறது. அதோடு மடலைச் சேர்த்தால் ‘பேணுமடல்’. ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகை என்பதால் நடுவில் ஒற்று மிகாது.

இதைச் ‘சொட்டு மடல்’ என்று சொல்லிவிடக் கூடாது. சொட்டு என்று பொருள்படும் ‘ட்ரிப்’ மெயில் என்பது ஒருவர் முகவரி கொடுத்த நாளிலிருந்து மூன்றாம் நாள், ஏழாம் நாள் என்று எண்ணித் தானாகப் போகும் வரிசை. நான் சொல்லும் பேணுமடல் நாட்காட்டியைப் பார்த்து, பருவத்துக்கு ஏற்பப் போவது.

வேளச்சேரியில் மொட்டை மாடிக்கு வாட்டர் ப்ரூஃபிங் செய்யும் நண்பர் ஒருவருக்கு இந்த மடல்களை நான்தான் எழுதிக் கொடுக்கிறேன். நவம்பர் மழையில் கூரை ஒழுகும்போது எல்லோரும் கொட்டேஷன் கேட்பார்கள். மாடி நன்றாகக் காய்ந்தால்தான் வேலை தொடங்க முடியும், ஜனவரியிலோ கேட்டவருக்கே ஒழுகியது மறந்துவிடும். முன்பு அவர் வாரம் தவறாமல் “முடிவு பண்ணிட்டீங்களா சார்?” என்று அனுப்பிக்கொண்டிருந்தார். மூன்றாவதுக்குப் பிறகு ஒருவரும் பதில் போடுவதில்லை.

இப்போது ஜனவரி மடல் இப்படிப் போகிறது: “கூரையில் ஈரக்கறை இருந்தால் அதன் ஓரத்தைப் பென்சிலால் சுற்றிக் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதுங்கள். மழையே இல்லாத பத்து நாளில் கறை கோட்டைத் தாண்டினால் கோளாறு அநேகமாக மாடியில் இல்லை, தண்ணீர்க் குழாயில். முதலில் பிளம்பரைக் கூப்பிடுங்கள்.” இந்தக் குறிப்பால் நண்பருக்கு ஒரு வேலை கைவிட்டுப் போகலாம். போனாலும் சரி என்றுதான் அதை முதல் மடலாக வைத்தேன். எதுவும் வாங்காதவருக்கும் பயன்பட்டால்தான் அது பேணுமடல்.

ஏப்ரல் மடலில், மாடியின் மழைநீர்க் குழாய் வாயை அடைத்து ஓர் அங்குலம் தண்ணீரை ஒரு நாள் முழுக்கத் தேக்கிக் கீழே கசிகிறதா என்று பார்க்கும் முறை. மரக்கட்டை தாங்கும் பழைய மெட்ராஸ் மாடி என்றால் இதைச் செய்ய வேண்டாம் என்ற எச்சரிக்கையும் உண்டு. செப்டம்பரில், வடகிழக்குப் பருவமழைக்கு முன் குழாய் வாயில் சேர்ந்த இலையும் மண்ணும் அகற்றுவது பற்றி. ஒவ்வொரு மடலும் நூற்றைம்பது சொல்லுக்குள், ஒரே ஒரு குறிப்பு. வியாபாரம் பற்றிக் கடைசி வரி மட்டும்: “மாடியை வந்து பார்க்க வேண்டுமென்றால் இதற்கே பதில் போடுங்கள்.”

பலன் தெரிகிறதா என்று பார்க்க, எத்தனை பேர் திறந்தார்கள் என்ற எண்ணை நம்ப வேண்டாம். 2021-இல் ஆப்பிள் மெயிலில் வந்த தனியுரிமை வசதி, படிக்காத மடலின் படங்களையும் முன்கூட்டியே இறக்கிவிடுவதால், திறக்காததும் திறந்ததாகக் கணக்கில் ஏறும். பதில்களை எண்ணுங்கள். “கறை கோட்டைத் தாண்டலை, என்ன செய்யட்டும்?” என்று ஒருவர் எழுதினால் மடல் வேலை செய்கிறது. விலகுபவர்களும் ஸ்பேம் புகார்களும் கூடினால், குறிப்பு என்ற பெயரில் மறுபடி விற்க ஆரம்பித்துவிட்டோம் என்று பொருள். ஜிமெயில் 2024 பிப்ரவரியிலிருந்து, புகார் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது என்கிறது. ஆயிரம் மடலுக்கு மூன்று புகார், அவ்வளவுதான் எல்லை.

விலைக்கு வாங்கிய முகவரிப் பட்டியலுக்கு அனுப்புவது பேணுமடல் ஆகாது. முகவரி தந்து, அனுப்பலாம் என்று சம்மதித்தவருக்கு மட்டுமே. “வேறு ஆளை வைத்து முடித்துவிட்டேன்” என்று யாராவது எழுதினால், நண்பர் அன்றே அவர் பெயரை எடுத்துவிடுகிறார். எடுப்பதற்கு முன் இரண்டு வரி பதில் போடுகிறார்: புதிதாகப் பூசிய மாடியில் கனமான தொட்டியை இழுக்காதீர்கள், தூக்கி வையுங்கள்.