வெட்டு: நல்லது

என் அக்காள் மகனுக்கு ஆவணியில் நிச்சயதார்த்தம். பெண்ணுக்கு ஒற்றைக்கல் வைர மோதிரம் போட ஆசை. கையில் இருப்பதோ அளவான பணம். ஒரு கடையில் கொடுத்த தமிழ் விவரத் தாளைப் படமெடுத்து எனக்கு அனுப்பியிருந்தான். "வெட்டு: நல்லது. தெளிவு: சிறிய உள்ளடக்கங்கள். எடை: 0.50 கேரட்." கீழே அவனுடைய கேள்வி: "மாமா, வெட்டு நல்லது என்று போட்டிருக்கிறார்களே, வாங்கிவிடலாமா?"

இந்த 'வெட்டு' என் கண்ணில் படுவது முதல் முறை அல்ல. விளம்பரத்தில் பார்த்தேன், நாளிதழ் இணைப்பில் பார்த்தேன், பொறுத்துக்கொண்டேன். இப்போது வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது.

ஆங்கிலத்தில் 'கட்' என்பது வைர வேலை முழுவதற்குமான பழைய தொழிற்சொல். பிளப்பது, அறுப்பது, உருட்டுவது, தேய்ப்பது எல்லாம் அதற்குள் அடக்கம். ஆனால் தரச் சான்றிதழில் 'கட்' என்று ஒரு தரம் போடும்போது பேச்சு அறுப்பதைப் பற்றியது அல்ல. வட்ட வைரம் ஒன்றில் 57 அல்லது 58 பட்டைகள் இருக்கும். அவற்றின் சாய்வும் விகிதமும் எவ்வளவு சரியாக அமைந்திருக்கின்றன, மேலே விழும் ஒளி திரும்ப மேலேயே வருகிறதா என்பதுதான் அந்தத் தரம். அந்தப் பட்டைகள் எவையும் வெட்டப்பட்டவை அல்ல. வைரத்தூள் பூசிய சுழலும் தட்டில் ஒவ்வொன்றாகத் தேய்த்து எடுக்கப்பட்டவை.

தமிழில் இதற்குச் சொல் இல்லாமலா போயிற்று? 'பட்டை தீட்டிய வைரம்' என்று பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டியில்கூடச் சொல்கிறோம். திருச்சி, புதுக்கோட்டைப் பக்கம் வீட்டுத் திண்ணையில் செயற்கைக் கற்களைச் சாணை பிடித்தவர்கள் 'பட்டை தீட்டுகிறேன்' என்றுதான் சொன்னார்கள். மொழிபெயர்ப்பாளரோ அகராதியைத் திறந்தார், முதல் பொருளைக் கண்டார், வெட்டிப் போட்டுவிட்டார்.

எதிர்வாதமும் கேட்டிருக்கிறேன். 'தீட்டு' என்று எழுதினால் சாவுத்தீட்டு நினைவுக்கு வருமாம். மங்கலப் பொருளில் அது ஆகாதாம். சரி, அதைத் தனியே எழுத வேண்டாம். 'பட்டை' என்றாலோ பிரியாணியும் திருநீறும் நினைவுக்கு வரும் என்றார் ஒரு நண்பர். வரட்டுமே! நகைக்கடையில் உட்கார்ந்துகொண்டு யாரும் பிரியாணிப் பட்டையின் தரத்தைக் கேட்கப் போவதில்லை. 'வெட்டு' மட்டும் என்ன, அரிவாளை நினைவூட்டவில்லையா? இன்னொரு சாரார் 'வடிவம்' என்று எழுதுகிறார்கள். இது வெட்டைவிட மோசம். வட்டம், முட்டை, சதுரம் என்பவை வடிவங்கள். ஒரே வட்ட வடிவில் அருமையான கல்லும் உண்டு, மங்கிய கல்லும் உண்டு. 'பட்டைத் தரம்' என்று எழுதுங்கள். வாங்குகிறவன் பட்டையைப் பார்ப்பான்.

இனி 'நல்லது'. அமெரிக்க ரத்தினவியல் நிறுவனமான ஜி.ஐ.ஏ. 2006 முதல் வட்ட வைரங்களுக்கு ஐந்து படிகளில் பட்டைத் தரம் தருகிறது: எக்ஸலண்ட், வெரி குட், குட், ஃபேர், பூர். ஆக, 'குட்' என்பது ஐந்தில் மூன்றாவது படி. நடுத்தரத்தை 'நல்லது' என்று அச்சடித்தால் பையன் வாங்கிவிடலாமா என்றுதான் கேட்பான்.

அதே கடையில் ஏறக்குறைய அதே விலைக்கு இன்னொரு கல் இருந்தது. நிறம், தூய்மை இரண்டும் முதல் கல்லைப் போலவே, எடை 0.47 கேரட், பட்டைத் தரம் எக்ஸலண்ட். மூன்று சென்ட் குறைகிறதே என்று அவனுக்குத் தயக்கம். (நூறு சென்ட் ஒரு கேரட்.) சான்றிதழில் உள்ள அளவுகளைப் படிக்கச் சொன்னேன். அரை கேரட் கல்லின் விட்டம் 4.97 மி.மீ., ஆழம் 3.28 மி.மீ. மற்றதன் விட்டம் 5.02, ஆழம் 3.08. ஆழத்தை விட்டத்தால் வகுத்தால் முதலாவது 66 சதவீதம், இரண்டாவது 61 சதவீதத்துக்குச் சற்று மேல். கனமான கல் மேலிருந்து பார்க்கையில் சிறியதாக இருக்கிறது! கூடுதல் எடை அடியில், மோதிரத்துக்குள் ஒளிந்துகொள்ளும் தொப்பையாகப் போய்விட்டது. ஆழம் இப்படி மிஞ்சினால் ஒளி பக்கவாட்டில் கசிந்து நடுப்பகுதி இருண்டு தெரியும். பிறகு ஏன் அப்படித் தீட்டினார்கள் என்றால், அரை கேரட்டைத் தொட்டதும் கேரட்டுக்கான விலை ஒரு படி ஏறும். அந்தப் படிக்காகக் கல்லின் அழகை விட்டுக்கொடுத்திருக்கிறார்கள்.

'தெளிவு' என்ற சொல்லோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. 'தூய்மை' இன்னும் பொருந்தும். சண்டை 'உள்ளடக்கங்கள்' என்பதோடுதான். கல்லுக்குள் என்ன, பொருளடக்கமா அச்சிட்டிருக்கிறார்கள்? சிலப்பதிகாரத்து ஊர்காண் காதையில் மதுரை இரத்தினக் கடைத்தெருவில் வயிரத்தின் குற்றங்களைப் பெயர் சொல்லியே அடுக்குகிறார் இளங்கோ: காகபாதம், களங்கம், விந்து, ஏகை. காக்கைக் கால்போன்ற கீற்று, மாசு, புள்ளி, கோடு. பத்து மடங்கு பெருக்கும் லென்ஸில் இன்றைய ஆய்வாளர் தேடுவதும் ஏறக்குறைய இவற்றைத்தான். 'குற்றம்' என்று எழுதினால் விற்பனை குறையும் என்ற அச்சமோ என்னவோ. சிறிய கல்லில், தூய்மைப் படிகளின் நடுவில் வரும் வி.எஸ்.2 தரத்துக் குற்றம் வெறும் கண்ணுக்குத் தெரியாது, அதற்கு அடுத்த படியான எஸ்.ஐ.1 தரத்திலும் பெரும்பாலும் தெரியாது, கரும்புள்ளி நட்டநடுவில் இல்லாதவரை. குற்றமே இல்லாத கல்லுக்குப் பணத்தைக் கொட்டுவது லென்ஸ் வைத்திருக்கும் மாமியாருக்கு மட்டுமே பயன்படும்.

'நிறம்' சரியான சொல்தான், அளப்பது மட்டும் நிறமின்மையை. டி எழுத்தில் தொடங்கி இசட் வரை மஞ்சள் ஏறிக்கொண்டே போகும். மஞ்சள் தங்கத்தில் பதிப்பதானால் ஐ, ஜே வரை இறங்கலாம். உலோகத்தின் சாயலே கல்லிலும் விழுவதால் வேறுபாடு தெரியாது.

கடைசியில் கேரட். "18 கேரட் வைரமா மாமா?" என்றும் கேட்டான். அவன்மேல் தவறில்லை, தங்கத்தின் கேரட்டும் வைரத்தின் கேரட்டும் (கூட்டுக்குப் போடும் கேரட்டும்கூட) தமிழில் ஒரே எழுத்துதான். கரோப் மர விதைக்கு, அதன் கொம்பு போன்ற காயை வைத்து, கிரேக்கத்தில் வந்த பெயர் அரபு வழியாக ஐரோப்பா போய் கேரட் ஆயிற்று. நம் குன்றிமணியும் மஞ்சாடியும் போல அதுவும் தராசில் ஏறிய விதை. 1907இல் ஒரு கேரட் 200 மில்லிகிராம் என்று முடிவாயிற்று. தங்கத்தில் அது எடை அல்ல, 24இல் எத்தனை பங்கு தங்கம் என்ற கணக்கு. தங்கத்துக்கு 'மாற்று' என்ற நல்ல சொல் நம்மிடம் இருந்தது. அதைத் திரும்ப எடுத்துக்கொண்டு, வைரத்துக்குக் கேரட்டும் சென்ட்டும் இருக்கட்டும் என்பது என் கட்சி. தனித்தமிழ் அன்பர்கள் கோபித்துக்கொள்வார்கள். வாங்குகிறவன் குழம்பாமல் இருந்தால் எனக்குப் போதும்.

இரண்டு கற்களையும் கடை விளக்குகளுக்கு அடியில் பார்க்காதே, வாசல் பக்கம் கொண்டுபோய்க் கையால் நிழல் பிடித்துப் பார் என்று சொல்லி அனுப்பினேன். அரை கேரட் நடுவில் கறுத்துக் கிடந்ததாம். 47 சென்ட் கல்லை வாங்கிவிட்டான். ரசீதையும் படமெடுத்து அனுப்பியிருந்தான்: "வெட்டு: பிரமாதம்."