நாற்பதாம் நாள் வரை காத்திருக்க வேண்டாம்

பெண்கள் மதரஸாவில் பாடம் முடிந்த பிறகு ஒரு தங்கச்சி தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "லாத்தா, பிள்ளை பிறந்து இருபத்திரண்டாம் நாளே சுத்தமாகிட்டேன். மாமி நாற்பதுக்குத்தான் தலை முழுகணும்னு சொன்னாங்க. அதுவரைக்கும் தொழவே இல்லை. பரவாயில்லையா?"

பரவாயில்லை என்று சொல்ல முடியவில்லை. பதினெட்டு நாள், 90 வக்துத் தொழுகை அவள் மேல் களாவாக நிற்கிறது.

நாற்பது என்பது ஹனஃபி மத்ஹபில் நிஃபாஸ் எனும் பிரசவ உதிரத்தின் மேல் எல்லை. ஷாஃபியில் அது அறுபது. குறைந்தபட்சம் இத்தனை நாள் என்று இரண்டிலும் கிடையாது. உதிரம் நின்றதும் குளித்துத் தொழ வேண்டியதுதான். நின்றுவிட்டதா என்று பார்க்க, பஞ்சை உள்ளே வைத்து எடுங்கள். சிவப்போ மஞ்சளோ படாமல் வர வேண்டும். ஆயிஷா நாயகியிடம் பெண்கள் மஞ்சள் படிந்த பஞ்சை அனுப்பிக் கேட்டபோது, வெள்ளையைக் காணும்வரை அவசரப்படாதீர்கள் என்றுதான் சொன்னார்கள். குளித்த பிறகு அந்த எல்லைக்குள் மறுபடி உதிரம் வந்தால் தொழுகையை நிறுத்துங்கள். நடுவில் தொழுததற்காகப் பாவம் எதுவும் இல்லை.

உடலுறவு, இந்திரியம் வெளிப்படுதல், மாதவிடாய் ஆகியவற்றுக்குப் பிறகும் இதே குளிப்புதான் கடமை. ஷாஃபியில் உதிரமே வராத பிரசவத்துக்கும் குளிக்க வேண்டும்.

எங்கள் ஊர் ஷாஃபி. இங்கே ஃபர்ளு இரண்டு: நிய்யத்து, உடல் முழுக்கத் தண்ணீர் படுவது. முதல் தண்ணீர் மேலே விழும்போதே மனதில் நிய்யத்து இருக்க வேண்டும். சும்மா குளித்துக்கொண்டிருக்கும்போது பாதியில் ஞாபகம் வந்தால், அதற்கு முன் நனைத்ததையும் திரும்பக் கழுவுங்கள். ஹனஃபியில் நிய்யத்து சுன்னத்து. ஆனால் வாய் கொப்பளிப்பதும் மூக்குக்குத் தண்ணீர் செலுத்துவதும் அங்கே ஃபர்ளு.

தவறு நடப்பது பெரும்பாலும் பின்னலிலும் நகத்திலும்தான். பின்னலுக்குள் தண்ணீர் போகாது என்றால் ஷாஃபியில் அவிழ்க்க வேண்டும். ஹனஃபியில் பெண்ணுக்கு மயிர்க்கால் நனைந்தால் போதும். மருதாணிச் சிவப்பு தடையில்லை, நெயில் பாலிஷ் தடை. குளித்துத் தொழுத பிறகு கால் நகத்தில் பாலிஷ் ஒட்டியிருப்பதைக் கண்டால் முழுக்கக் குளிக்க வேண்டாம். அதைச் சுரண்டி அந்த இடத்தைக் கழுவி, தொழுததை மட்டும் மீட்டுங்கள்.

மற்றவை சுன்னத்து. பிஸ்மில்லா சொல்லிக் கை கழுவி, அசுத்தம் நீக்கி, உளூ செய்யுங்கள். விரல்களால் மயிர்க்காலைக் கோதி, தலைக்கு மூன்று தடவை ஊற்றுங்கள். பிறகு வலப்பக்கம், அப்புறம் இடப்பக்கம், தேய்த்து. மாதவிடாய், நிஃபாஸ் குளிப்பு என்றால் கடைசியில் பஞ்சில் கஸ்தூரியோ வேறு வாசனையோ தொட்டு உதிரம் வந்த இடத்தில் தடவுவதும் சுன்னத்து.

ஒரு மணி நேரம் குழாயைத் திறந்து வைக்கிறவர்களும் இருக்கிறார்கள். நபிகளார் ஒரு ஸாஉ, அதாவது நான்கு இருகை அள்ளல், கிட்டத்தட்ட மூன்று லிட்டர் தண்ணீரில் குளித்தார்கள்.

அந்தத் தங்கச்சி இப்போது ஒவ்வொரு ஃபர்ளோடும் ஒரு களா தொழுகிறாள். பதினெட்டு நாளில் முடித்துவிடுவாள்.